பிசிஜி, ஆன்சாஃப் கட்டங்கள்: கேஸ் கேள்வியை நான் எழுதும் விதம்

ஒரு கம்பெனியின் பல பொருள்களில் எதில் பணம் போடுவது என்று கேட்கும் போர்ட்ஃபோலியோ கேஸ் வந்தால் நான் முதலில் கட்டம் வரைவதில்லை. கணக்கைத்தான் போடுவேன். பிசிஜி கட்டம் பொருள்களைப் பங்கு, வளர்ச்சி என்ற இரண்டு அச்சுகளில் வைத்து நான்காகப் பிரிக்கும். அதன் கிடை அச்சில் வருவது நம் சந்தைப் பங்கு அல்ல, ஒப்பீட்டுப் பங்கு. அதாவது நம் பங்கை மிகப் பெரிய போட்டியாளரின் பங்கால் வகுக்க வேண்டும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

நான் பயிற்சிக்கு வைத்துக்கொண்ட கற்பனைக் கம்பெனி ஒன்று. அதன் ஃபேஸ்வாஷ், ஹேண்ட்வாஷ் இரண்டுக்குமே சந்தையில் 12% பங்கு. ஃபேஸ்வாஷில் முதலிடக்காரருக்கு 30% இருக்கிறது, எனவே ஒப்பீட்டுப் பங்கு 0.4. ஹேண்ட்வாஷ் சந்தையோ பல சிறு பிராண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. அடுத்த பெரிய போட்டியாளருக்கே 8% தான், எனவே 1.5. இரண்டு சந்தைகளும் ஆண்டுக்கு 15%க்கு மேல் வளர்கின்றன. வழக்கமான எல்லைக்கோடுகள் பங்குக்கு 1, வளர்ச்சிக்கு 10%. ஆக ஒரே 12% வைத்திருந்தும் ஃபேஸ்வாஷ் கொஸ்டின் மார்க், ஹேண்ட்வாஷ் ஸ்டார். மூன்றாவது பொருளான ஷாம்புவுக்கு ஒப்பீட்டுப் பங்கு 2, சந்தை வளர்ச்சி 4%. அது கேஷ் கவ்.

வளர்ச்சி என்பது சந்தையின் வளர்ச்சி. ஃபேஸ்வாஷ் விற்பனை 10% கூடியது என்று கேஸில் சொல்லியிருந்தால் அது நல்ல செய்தி போலத் தெரியும். சந்தை 18% வளரும்போது 10% என்றால், பங்கு கைநழுவுகிறது என்றுதான் அர்த்தம்.

சரி, இடம் தெரிந்துவிட்டது. அப்புறம் பணம் எங்கிருந்து எங்கே போகும் என்று எழுத வேண்டும். ஷாம்பு ஈட்டுவதில் உபரியை எடுத்து ஃபேஸ்வாஷில் போடலாம் என்பது வரை பிசிஜி சொல்லும். அந்தப் பணத்தை வைத்து என்ன செய்வது என்று சொல்லாது. பொருள் பழையதா புதியதா, சந்தை பழையதா புதியதா என்று வைத்து வளரும் வழிகளைப் பிரிக்கும் ஆன்சாஃப் கட்டத்துக்கு அங்கேதான் வேலை. ஃபேஸ்வாஷுக்கு நான் சந்தை ஊடுருவலையே எழுதுவேன்: அதே பொருள், அதே சந்தை, பங்கை உயர்த்துவதுதான் குறி. ஷாம்புவுக்குப் புதிய பகுதிகளில் சந்தை விரிவாக்கம் பொருந்தும். பொருளும் சந்தையும் இரண்டுமே புதிதாக இருக்கும் பல்வகைப்படுத்தலில் ரிஸ்க் அதிகம். கேஸில் வலுவான காரணம் இல்லாவிட்டால் அதைத் தொட மாட்டேன்.

பிசிஜியில் பங்கும் வளர்ச்சியும் குறைந்த பொருள் டாக். டாக் என்றதும் 'மூடிவிடலாம்' என்று எழுதும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அந்தப் பொருள் ஷாம்புவோடு ஒரே ஆலையில் தயாராகிறது என்றால், அதை நிறுத்தியதும் ஆலையின் நிலைச்செலவு முழுவதும் ஷாம்புவின் தலையில் விழும்.

இன்னொன்று, சந்தையை எப்படி வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டமே மாறிவிடும். மொத்த ஃபேஸ்வாஷ் சந்தையில் 0.4 வாங்கும் பிராண்ட், மூலிகை ஃபேஸ்வாஷை மட்டும் எடுத்தால் முதலிடத்தில் இருக்கலாம். அதனால் எந்தச் சந்தையை எடுத்துக்கொண்டேன் என்பதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுவேன்.