நண்டுக் கதைக்கு விழுந்த சிவப்புக் கோடு

நாகர்கோவிலில் ஒரு சிறிய பதிப்பகத்தில் சிறார் நூல்களைச் செப்பனிடுவது என் வேலை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான புத்தகங்களை எங்களிடம் மொத்தமாக வாங்கும் ஒரு நிறுவனம், இப்போது எந்தக் கதையையும் இயந்திரம் எழுதியதா என்று கருவியில் போட்டுப் பார்க்கிறது. குளச்சல் பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் நண்டுக் கதை அதில் மாட்டிக்கொண்டது. கதை முழுக்கச் சிவப்புக் கோடு.

"காகம் வந்தது. நண்டு எட்டிப் பார்த்தது. நண்டு உள்ளே ஓடியது." பக்கத்துக்குப் பக்கம் இதேதான். காகத்துக்குப் பதில் நாய், அப்புறம் ஒரு சிறுவன். கடைசிப் பக்கத்தில் அலை வரும், நண்டு ஓடாது.

இந்த மாதிரிக் கருவிகள் பலவும் முக்கியமாகப் பார்ப்பது, அடுத்து வரும் சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதை. வாக்கியங்கள் நீண்டும் குறுகியும் வருகின்றனவா என்பதையும் சில பார்க்கும். நண்டுக் கதையில் முதல் பக்கத்தில் 'நண்டு' என்ற சொல்லுக்குப் பின் எதுவும் வரலாம். மூன்றாம் பக்கத்தில் 'எட்டிப் பார்த்தது' தவிர வேறொன்றும் வராது. வாக்கியங்களும் இரண்டு மூன்று சொல்லோடு முடிந்துவிடுகின்றன. 'ஓடவில்லை' என்ற அந்த ஒரே ஆச்சரியம், சராசரி போடும்போது காணாமல் போய்விடுகிறது.

டீச்சரிடம் போனில் சொன்னேன். "மக்களே, பிள்ளை அடுத்த சொல்லை முந்திக்கிட்டுச் சொல்லணும்னுதானே அப்படி எழுதுனேன்?" என்றார். அவர் சொன்னதுதான் விஷயமே. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு ஊகிக்க முடிவதுதான் பிடிமானம். கருவிக்கு அதுவே குற்றம்.

சோதனைக்காக ஒரு பிரதியில் வரிகளை மாற்றிப் பார்த்தேன். 'எட்டிப் பார்த்தது' ஒரு பக்கத்தில் 'தலை நீட்டியது' ஆயிற்று, இன்னொன்றில் 'மெல்ல நோட்டமிட்டது'. சிவப்பு குறைந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'நோட்டமிட்டது' என்பதை எங்கே படிக்க! அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, 2009-இல் நாங்கள் அச்சிட்ட ஒரு பூனைக் கதையை அதே கருவியில் போட்டேன். அதுவும் சிவப்பு. அந்த ஆண்டில் இப்படிக் கதை எழுதித் தர எந்த இயந்திரம் இருந்தது?

கதையின் நீளமும் ஒரு சிக்கல். ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறியும் கருவி, ஆயிரம் எழுத்துக்குக் குறைந்த உரையில் நம்பத்தக்கதல்ல என்று அவர்களே எழுதியிருந்தார்கள். துல்லியம் போதாதென்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பவும் பெற்றுக்கொண்டார்கள். நண்டுக் கதை அந்த அளவைத் தொடவே தொடாது.

பூனைக் கதைக்குக் கருவி காட்டிய முடிவையும், டீச்சர் நோட்டில் அடித்தடித்து எழுதிய பக்கங்களின் படத்தையும் அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஒன்று, இரண்டாம் வகுப்புப் புத்தகங்களுக்கு இனி எழுத்தாளரின் கைப்பிரதி போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்புக்கு இன்னும் கருவிதான்.