எந்த மூட்டு அசைகிறது? ஓட்டம், எறிதல், நீச்சல் மூன்றையும் ஸ்லோமோஷனில் அளந்து பார்த்தது

கீல் மூட்டு, பந்துக் கிண்ண மூட்டு, முளை அச்சு மூட்டு என்று பள்ளிப் பாடத்தில் படித்த பட்டியல் பலருக்கும் நினைவிருக்கும். ஓடுகிற ஒருவரைப் பார்த்து, இந்த நொடியில் அவருடைய எந்த மூட்டு எவ்வளவு அசைகிறது என்று கேட்டால்தான் தடுமாற்றம் வரும். கண்ணுக்குத் தெரியும் அசைவு ஓர் இடத்திலும் அதைச் செய்யும் மூட்டு இன்னோர் இடத்திலும் இருப்பதே காரணம். கைபேசி, கோணமானி, கொஞ்சம் டேப் இருந்தால் இதை வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். அப்படிப் பார்த்ததில் தேறியவை இங்கே.

ஏற்பாடு

கைபேசியின் ஸ்லோமோஷனை நொடிக்கு 240 படங்கள் என்று வைக்க வேண்டும். வெயில் வெளிச்சம் தேவை, மங்கலில் எடுத்தால் கால் வெறும் தீற்றலாகப் பதியும். ஓடுபவரின் இடுப்பு உயரத்தில், ஐந்தாறு மீட்டர் தள்ளி, ஓடும் பாதைக்குச் செங்குத்தாகக் கைபேசியை நிறுத்துங்கள். கோணலாக வைத்தால் எல்லாக் கோணமும் பொய்யாகிவிடும்.

இன்சுலேஷன் டேப்பில் சிறு வட்டங்கள் வெட்டி மூன்று இடங்களில் ஒட்ட வேண்டும்: கணுக்காலின் வெளிப்புற எலும்பு, முழங்காலின் வெளிப்பக்க நடு, தொடை எலும்பின் மேல்முனை. கடைசியைக் கண்டுபிடிக்கத்தான் பலர் சிரமப்படுவார்கள். இடுப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, காலை உள்ளும் வெளியுமாகத் திருப்பினால் கைக்கடியில் ஓர் எலும்பு உருளும், அதுதான். தொளதொள டிராக் பேண்டின் மேல் ஒட்டுவதில் பயனில்லை, துணி வேறு திசையில் போகும்.

காலோ கையோ முழுக்க நேராக இருந்தால் 0 டிகிரி, மடங்க மடங்க எண் கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணமானி நேர்க்கோட்டை 180 என்று காட்டும், ஆகவே அது காட்டுவதை 180இலிருந்து கழிக்க வேண்டும். இதை மறந்தால் முழங்கால் 160 டிகிரி மடங்கியது போன்ற விசித்திரமான முடிவுகள் வரும்.

ஓட்டம்

ஓட்டத்தில் அசைவு பெரும்பாலும் முன்னும் பின்னுமாக ஒரே தளத்தில் நடப்பதால் தொடங்க இதுதான் எளிது. முழங்கால் கீல் மூட்டு, அதன் வேலை மடங்குவதும் நீள்வதும். பாதம் தரையைத் தொடும்போது முழங்கால் ஏற்கெனவே 15, 20 டிகிரி மடங்கியிருக்கும். உடல் எடை முழுதும் அந்தக் காலுக்கு வரும்போது 40ஐ ஒட்டிப் போகும். முட்டி நேராக, குதிகால் வெகுதூரம் முன்னே போய் விழுந்தால் அந்த ஆரம்ப மடிப்பு இல்லை என்று பொருள். அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய மடிப்பு தாமதமாகத் தொடங்குகிறது, ஒவ்வோர் அடியும் ஓட்டத்துக்குப் பிரேக் போடுகிறது.

கால் பின்னால் போகும் கட்டம்தான் சுவாரஸ்யமானது. தொடை உடலுக்கு வெகு பின்னால் போவதைப் பார்த்து, இடுப்பு மூட்டு நன்றாகப் பின்னோக்கி நீள்கிறது என்று நினைப்போம். இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்தில் பொருந்திய பந்து, முன்புறம் தடித்த தசைநார் வேறு இழுத்துப் பிடிக்கிறது. முன்னோக்கி 120 டிகிரி மடங்கும் அதே மூட்டு பின்னோக்கி 20 டிகிரிக்குப் போவதே பெரிது. மீதி எங்கிருந்து வருகிறது?

அதைப் பிடிக்க இன்னும் இரண்டு டேப் போதும். இடுப்பெலும்பின் முன்முனையில் ஒன்று, பின்புறக் குழிவில் ஒன்று. கால் பின்னால் போகும்போது இந்த இரண்டையும் சேர்க்கும் கோடு முன்பக்கம் சரிந்தால், போகிறது இடுப்பு மூட்டு மட்டுமல்ல. இடுப்பெலும்பே கவிழ்ந்து, கீழ்முதுகு வளைந்து கடன் கொடுக்கிறது. கொஞ்சம் சரிவு எல்லாருக்கும் உண்டு. நாளெல்லாம் நாற்காலியில் இருப்பவர்களுக்கு அதிகமாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஓடிய பிறகு கீழ்முதுகு இறுகுகிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

எறிதல்

தோள்மூட்டும் பந்துக் கிண்ண மூட்டுதான், ஆனால் கிண்ணம் மிகவும் ஆழமற்றது. கோல்ஃப் பந்தை அதன் சிறு தாங்கியில் வைத்தது போல, பந்தின் சிறு பகுதிதான் கிண்ணத்தைத் தொடுகிறது. அதனால் எல்லாத் திசையிலும் சுழலும், எளிதில் நழுவவும் செய்யும்.

பவுண்டரியிலிருந்து பந்தை எறிபவரைப் படமெடுத்தால், கை முன்னே வருவதற்குச் சற்று முன் முன்கை பின்பக்கம் மல்லாந்து கிடப்பதைப் பார்க்கலாம். முழங்கை மடங்கியிருக்க, மேல்கை தன் அச்சிலேயே வெளிப்பக்கம் சுழன்ற நிலை அது. பேஸ்பால் எறிபவர்களிடம் இது 170 டிகிரிக்கு மேல்கூட அளக்கப்பட்டிருக்கிறது. தரையில் மல்லாந்து படுத்து, கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை 90 டிகிரி மடக்கி, கையைத் தலைப்பக்கம் சாய விட்டுப் பாருங்கள். முன்கை தரையைத் தொட்டால் 90 டிகிரி, பலருக்கு அதை ஒட்டியே நின்றுவிடும். கீழ்முதுகு தரையை விட்டு எழும்பினால் அந்த அளவு செல்லாது.

பந்து எறியும்போது கூடுதலாக வருவதில் ஒரு பங்கு தோள்பட்டை எலும்பு பின்பக்கம் சாய்வதாலும், மேல்முதுகு பின்னோக்கி வளைவதாலும் கிடைக்கிறது. மேல்முதுகு விறைத்திருப்பவர் அந்தப் பங்கையும் தோள்மூட்டிலிருந்தே பிடுங்கப் பார்ப்பார். வலி தோளின் முன்பக்கத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ வரும், காரணம் முதுகில் இருக்கும்.

உள்ளங்கையைத் திருப்புவது யார் என்பது அடுத்த குழப்பம். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று புரளும் முளை அச்சு மூட்டு இருக்கிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பினால், அசைவது அது மட்டும். கையை நீட்டிக்கொண்டு திருப்பினால் தோள்மூட்டும் சேர்ந்துகொள்ளும், எது எவ்வளவு என்று சொல்ல முடியாது.

இந்தக் கலப்படம் ஓர் உலகச் சர்ச்சைக்கே காரணமாக இருந்தது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் டெஸ்டில் முத்தையா முரளிதரனின் பந்துகளை நடுவர் டேரல் ஹேர் எறிதல் என்று நோ-பால் கொடுத்தார். முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. மடங்கிய கையால் வீசுவது குற்றமல்ல, வீசும்போது மடங்கிய கையை நீட்டுவதுதான் குற்றம். மடங்கியே இருக்கும் கை கேமராவில் நீள்வது போலத் தெரியுமா?

தெரியும், ஒரு கம்பித் துண்டு போதும். தடித்த கம்பியை நடுவில் 30 டிகிரி வளையுங்கள். ஒரு பாதி மேல்கை, மறு பாதி முன்கை. மேல்கைப் பாதியை மேசை விளிம்பில் படுக்கையாகப் பிடித்து, மூன்று மீட்டர் தள்ளி ஜூம் செய்து படமெடுங்கள். கிட்டப் போய் எடுத்தால் தோற்றப் பிழை சேரும். பிறகு மேல்கைப் பாதியை அதன் அச்சிலேயே கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி ஒவ்வொரு நிலையிலும் படமெடுத்து, படத்தில் தெரியும் வளைவை அளக்க வேண்டும். உருட்டாதபோது 30 டிகிரி. 45 டிகிரி உருட்டினால் படத்தில் 22தான் இருக்கும். 60 உருட்டினால் 16. 90 உருட்டினால் கம்பி நேராகத் தெரியும். கம்பியின் வளைவோ மாறவே இல்லை. சரிபார்க்க விரும்புவோருக்கு:

```
tan(தெரியும் கோணம்) = tan(30°) × cos(உருட்டிய கோணம்)
```

பந்து வீசும்போது மேல்கை தோள்மூட்டில் இப்படித்தான் உருள்கிறது. ஒரே கேமராவில் பார்ப்பவர் தோளின் சுழற்சியை முழங்கையின் நீட்சியாகப் படித்துவிடுவார். அதனால்தான் ஆய்வகங்களில் பல கேமராக்களை வைத்து, கையில் ஒளி எதிரொளிக்கும் குறிகளை ஒட்டி முப்பரிமாணத்தில் அளக்கிறார்கள். 2004இல் முரளிதரன் முழங்கை நீளாதபடி கெட்டியான உறை மாட்டிக்கொண்டு கேமரா முன் வீசிக்காட்டினார். ஐசிசியின் இன்றைய விதிப்படி, மேல்கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து கையை விட்டுப் போகும்வரை முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக் கூடாது. முன்பு வேகப்பந்துக்கு 10, மிதவேகத்துக்கு 7.5, சுழலுக்கு 5 என்று இருந்தது. மேலே உள்ள கம்பிக் கணக்கில் 60 டிகிரி உருட்டலே 14 டிகிரி பொய் நீட்சியைத் தந்துவிடுகிறது, விதியின் முழு வரம்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகையால் கைபேசிப் படத்தை வைத்துப் பக்கத்துத் தெருப் பையனை எறிகிறான் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

நீச்சல்

கரையிலிருந்து எடுத்த படத்தில் தண்ணீருக்கடியில் இருக்கும் கோணத்தை அளக்காதீர்கள், ஒளி விலகி எல்லாம் மாறும். நீர்புகா உறையில் கைபேசியைத் தண்ணீருக்குள் வைத்தே எடுக்க வேண்டும்.

ஃப்ரீஸ்டைல் உதையில் பெரிய அசைவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும், முழங்கால் லேசாக மடங்கி நீளும், பாதம் பின்னோக்கி நீண்டிருக்கும். புதியவர்கள் முழங்காலை வயிற்றை நோக்கி இழுத்து சைக்கிள் மிதிப்பார்கள், முன்னே வரும் தொடை தண்ணீரைத் தடுத்து வேகத்தைக் கொல்லும். நல்ல ஓட்டக்காரர்கள் பலர் பலகையைப் பிடித்து எவ்வளவு உதைத்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பதற்கும், சிலர் பின்னால்கூடப் போவதற்கும் காரணம் கணுக்கால்தான். ஓட்டத்தில் பாதம் மேல்நோக்கி மடங்குவதே தேவை, கணுக்கால் விறைப்பாக இருப்பது அங்கே நன்மை. நீச்சலில் பாதம் 50 டிகிரி போல நீள வேண்டும். நீளாமல் ‘ட’ போல நின்றால் அது தண்ணீரைத் தவறான திசையில் தள்ளுகிறது. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கட்டைவிரலைத் தரையை நோக்கி அழுத்தினால் எவ்வளவு நீள்கிறது என்று தெரிந்துவிடும்.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக் உதையில் முழங்கால் வெறும் கீல் அல்ல என்பது வெளிப்படும். மடங்கிய முழங்கால் கொஞ்சம் சுழலும், நேரான முழங்கால் பூட்டிக்கொள்ளும். நாற்காலியில் உட்கார்ந்து தொடையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்து, கால்விரல்களை வெளிப்பக்கம் திருப்புங்கள். முழங்கால் சில்லு அதே இடத்தில் நிற்க, பாதம் மட்டும் திரும்பினால் அது முழங்காலின் சுழற்சி. காலை நீட்டிக்கொண்டு செய்தால் சில்லும் கூடவே திரும்பும், அப்போது சுழல்வது இடுப்பு மூட்டு.

இந்த உதையில் பாதம் வெளிப்பக்கம் திரும்புவதில் இரண்டுக்கும் பங்கு உண்டு. இடுப்பு மூட்டு தன் பங்கைச் செய்யாவிட்டால் முழங்கால் அதைச் சேர்த்துச் சுழன்று, உட்புறத் தசைநார் ஒவ்வோர் உதைக்கும் இழுபடும். முழங்காலின் உட்பக்கம் வலிப்பதே அடையாளம். முட்டிகளை மிக அகலமாக விரித்து வேகமாக உள்ளே அடித்தாலும் இதே வலி வரும், ஒட்டவே வைத்துக்கொண்டு பாதத்தை மட்டும் வெளியே வீசினாலும் வரும். உதைக்குமுன் தண்ணீருக்கடியில் எடுத்த படத்தில் சில்லு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். அது நேரே கீழே பார்க்க, பாதம் மட்டும் வெளியே திரும்பியிருந்தால், உதையின் வேகத்தைக் குறைத்து இடுப்பிலிருந்து திருப்பப் பழகும்வரை தூரத்தைக் கூட்ட வேண்டாம்.