ஒரு ஸ்லைட்டுக்கு ஒரு சேதி

கிளிநொச்சிப் பக்கத்துப் பால் சேகரிப்புச் சங்கமொன்றின்ர காலாண்டுக் கணக்கு எண்டு வைப்பம். ஆறு நிலையம், லீற்றர், வருமானம் எல்லாத்தையும் ஒரே ஸ்லைட்டில திணிச்சால் பின்வரிசை ஆக்கள் எழுத்தைத்தான் தேடுவினம், பேச்சைக் கேளாயினம்.

முதல்ல சேதியை முழு வசனமா எழுதுங்கோ: "செப்டெம்பரில் பால் குறைஞ்சது இரண்டு நிலையத்தில்தான்." அதுதான் தலைப்பு. "மூன்றாம் காலாண்டுப் பால் சேகரிப்பு" வெறும் பெயர்ப்பலகை.

கீழ 13 கிழமைக்கும் ஆறு கோடு. அந்த இரண்டும் சிவப்பு, மிச்சம் சாம்பல். கோட்டு முனையிலேயே நிலையப் பெயர். தனி நிறக்குறிப்புப் பெட்டி வேண்டாம்.

வருமானம் அடுத்த ஸ்லைட்டுக்கு. இடது அச்சில லீற்றரும் வலது அச்சில ரூபாவும் சேர்த்தால், அளவுத்திட்டத்தை மாத்தினாலே கோடுகள் வெட்டுற இடம் மாறும். சனம் இல்லாத தொடர்பைக் காணும்.

முழு அட்டவணை கேப்பினம், கட்டாயம் கேப்பினம். அதைத் தாளில அச்சடிச்சுக் குடுங்கோ.