டி.எஸ்.எச். நார்மல், ஆனால் தைராய்டு குறைவு: ஷீஹான் நோயில் மாத்திரை அளவு பிடித்த கதை

38 வயதுப் பெண், எடை 54 கிலோ. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு கடைசிப் பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு. நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால் சுரக்கவில்லை. அதன்பின் மாதவிடாயும் வரவில்லை. உடம்பில் எப்போதும் அசதி, குளிர் தாங்காது, மலச்சிக்கல், வறண்ட தோல். இரண்டு முறை தைராய்டு பார்த்தார்கள். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 3.4. எல்லைக்குள் இருந்ததால் "தைராய்டு கோளாறு இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் சாதாரணக் காய்ச்சலோடு வாந்தியும் மயக்கமுமாக அவசரப் பிரிவுக்கு வந்தபோது ரத்தத்தில் சோடியம் 119. இருக்க வேண்டியது 135க்கு மேல்.

எங்களிடம் வந்தபின் முதலில் கேட்டது பிரசவத்தைப் பற்றித்தான். மூளைக்கு அடியில் இருந்து மற்றச் சுரப்பிகளுக்கு ஆணையிடும் பிட்யூட்டரி சுரப்பி கர்ப்ப காலத்தில் பெருத்துவிடும். அந்த நேரத்தில் ரத்தம் ஏராளமாகப் போய் அழுத்தம் விழுந்தால், ரத்தம் கிடைக்காமல் அது கருகிவிடும். 1937இல் இதை விவரித்த ஷீஹான் பெயரில்தான் இந்த நோய் அறியப்படுகிறது. பால் சுரக்காததும் மாதவிடாய் திரும்பாததும் இதன் அடையாளங்கள். ஸ்கேனில் பிட்யூட்டரி இருக்க வேண்டிய குழி ஏறக்குறைய காலி.

புரதத்தில் ஒட்டாமல் ரத்தத்தில் உலவும் தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 பார்த்தோம்: 0.5. அந்த ஆய்வகத்தின் எல்லை 0.8 முதல் 1.8 வரை. தைராய்டு ஹார்மோன் இவ்வளவு குறைந்திருந்தால், நல்ல பிட்யூட்டரி டி.எஸ்.எச்.ஐ 30, 40 என்று ஏற்றியிருக்கும். இவருக்கு 3.4இலேயே நின்றது என்றால், கோளாறு தைராய்டில் இல்லை, அதற்கு ஆணையிடும் இடத்தில் இருக்கிறது. சேதமான பிட்யூட்டரி சுரக்கும் டி.எஸ்.எச். சில சமயம் எண்ணிக்கையில் நார்மலாக, ஏன், சற்றுக் கூடுதலாகக்கூட வரும். ஆனால் அதன் மூலக்கூறில் சேர வேண்டிய சர்க்கரைச் சங்கிலிகள் சரியாக அமையாததால் தைராய்டைத் தூண்டும் வலு அதற்கு இருக்காது. ஆய்வகக் கருவி மூலக்கூறை எண்ணும்; அது வேலை செய்கிறதா என்று பார்க்காது. ஆகவே டி.எஸ்.எச். மட்டும் எழுதிக் கொடுத்தால் இந்த நோய் கண்ணில் படாமலே போகும். அசதியோடு வருபவருக்குப் பிரசவ ரத்தப்போக்கோ, பிட்யூட்டரி கட்டியோ, தலையில் கதிர்வீச்சோ முன்பு இருந்திருந்தால் ஃப்ரீ டி4ஐயும் கட்டாயம் சேர்த்து எழுத வேண்டும்.

அடுத்தது மிக முக்கியமான படி. தைராய்டு மாத்திரையை உடனே தொடங்கவில்லை. பிட்யூட்டரியின் ஆணையால் அட்ரினல் சுரப்பி தரும் கார்ட்டிசால், காலை எட்டு மணிக்கு 2.1 மட்டுமே இருந்தது. 3க்குக் கீழ் என்றால் குறைபாடு ஏறத்தாழ உறுதி. தைராய்டு மாத்திரையான தைராக்ஸின் உடலுக்குள் போனால் கார்ட்டிசால் வேகமாகச் செலவாகும், தேவையும் கூடும். அதை ஈடுகட்டப் பிட்யூட்டரியால் முடியாது. முதலில் தைராக்ஸினைக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதலில் கார்ட்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன். அவசரக் கட்டத்தில் ஊசி, தேறியபின் காலை 10 மில்லிகிராம், மதியம் 5 மில்லிகிராம் மாத்திரை. சோடியம் மெல்ல ஏறி உடல் நிலைப்பட்டபின்தான் தைராக்ஸின் 50 மைக்ரோகிராமில் தொடங்கினோம்.

இலக்கு அளவுக்குக் கணக்கு எளிது: 60 வயதுக்குக் கீழ் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம். 54 கிலோவுக்கு 86 வரும்; கடையில் கிடைப்பது 88. வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இதைவிடக் குறைவாக, மெதுவாக ஏற்ற வேண்டும். இவருக்கு 75க்கு உயர்த்தி எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது ஃப்ரீ டி4 1.1, டி.எஸ்.எச். 0.08. எல்லைக்குள் வந்தால் போதாது. நடுவிலிருந்து மேல்பாதிக்குள், இவருக்கு 1.3இலிருந்து 1.8 வரை, இருக்க வேண்டும். 88 கொடுத்தபின் 1.4 வந்தது. மலச்சிக்கல் போயிற்று, குளிர் தாங்கினார். டி.எஸ்.எச். 0.02.

தவறு நடந்தது இங்கேதான். ஊரில் எடுத்த மொத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். மட்டும் இருந்தது. 0.02க்குப் பக்கத்தில் சிவப்புக் குறி. "மாத்திரை அதிகமாகிவிட்டது" என்று அங்கே 50ஆகக் குறைத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் டி.எஸ்.எச். 0.9 ஆனது, "இப்போது சரி" என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாவோ மறுபடி படுக்கையை விட்டு எழ முடியாமல் எங்களிடம் வந்தார். ஃப்ரீ டி4 0.7.

இந்தத் தவறு ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், சாதாரணத் தைராய்டு குறைபாட்டில் அதே கணக்குச் சரி. அங்கே பிட்யூட்டரி நலமாக இருப்பதால், உடலுக்குப் போதுமா என்று அது பார்த்து டி.எஸ்.எச்.ஐ ஏற்றி இறக்கும். நாம் அதைப் படிக்கலாம். இங்கே மீந்திருக்கும் சில செல்கள் கொஞ்சம் தைராக்ஸின் போனாலே அடங்கிவிடும். உடம்பின் தேவை தீரும் முன்பே டி.எஸ்.எச். சுருண்டுவிடும். பழுதான தராசில் நிறுத்துவிட்டு அரிசி கூடிவிட்டது என்று அள்ளி எடுப்பது போல. உண்மையில், சிகிச்சையில் இருக்கும் இத்தகைய நோயாளிக்கு டி.எஸ்.எச். 1க்கு மேல் வந்தால் மருந்து போதவில்லை என்றே சந்தேகிக்க வேண்டும். தாழ்ந்திருப்பது எதையும் சொல்லாது. அளவு மிஞ்சியதா என்று அறிய ஃப்ரீ டி4 எல்லையைத் தாண்டியதா, படபடப்பு, கைநடுக்கம், எடை இழப்பு உண்டா என்று பார்க்க வேண்டும்.

88க்கே திரும்பினோம். மருந்துச் சீட்டின் மேல் பெரிய எழுத்தில் "பிட்யூட்டரி குறைபாடு. டி.எஸ்.எச். பார்த்து அளவை மாற்றக் கூடாது" என்று எழுதிக் கொடுத்தோம். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டச் சொன்னோம்.

ஃப்ரீ டி4ஐ நம்பினாலும் அதை எடுக்கும் நேரம் தவறினால் அதுவும் ஏமாற்றும். ஒரு முறை இவருக்கு 1.9 வந்தது. விசாரித்தால், காலை ஆறு மணிக்கு மாத்திரை போட்டு ஒன்பது மணிக்கு ரத்தம் கொடுத்திருக்கிறார். மாத்திரைக்குப் பின் சில மணி நேரம் அளவு தற்காலிகமாக உயரும். மறுநாள் மாத்திரைக்கு முன் எடுத்தபோது 1.5. முடிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு, மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும்; சில கருவிகளில் அது ஃப்ரீ டி4ஐப் பொய்யாக ஏற்றிக் காட்டும்.

பிறகு எலும்பைக் காக்க ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சேர்த்தபோது ஃப்ரீ டி4 மறுபடி 1.1க்கு இறங்கியது. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் தைராக்ஸினைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கூட்டும்; நலமான உடலில் பிட்யூட்டரி தானே ஈடுகட்டிவிடும், இவருக்கு நாம்தான் ஈடுகட்ட வேண்டும். தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜனில் இந்தச் சிக்கல் இல்லை. மாத்திரையையே தொடர விரும்பினார், அதனால் தைராக்ஸினை 100ஆக்கினோம். எட்டு வாரம் கழித்து, மாத்திரைக்கு முன் எடுத்த ஃப்ரீ டி4 1.5. அடுத்த சோதனை ஆறு மாதம் கழித்து. சீட்டில் எழுதியிருப்பது ஃப்ரீ டி4, சோடியம் இரண்டு மட்டுமே.