மேற்குப் பார்த்த கண்ணாடியில் ஒரு விலைப்பலகை

ஏப்ரல் 6
பேக்கரியின் முகப்புக் கண்ணாடிக்குள் 43 அங்குல டிவியை மாட்டி, பப்ஸ், தேங்காய் பன், கேக் விலைகளை ஓடவிட்டோம். நேற்றிரவு கண்ணைப் பறித்தது. இன்று காலை ஒன்பதரைக்குத் தெருவில் நின்று பார்த்தேன்; விலை தெரியவில்லை, எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது.

ஏப்ரல் 7
மாட்டித் தந்த தம்பி வந்து விளக்கினார். கடை மேற்குப் பார்த்தது. காலை வெயில் எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் விழுகிறது. அப்போது அதன் பிரகாசம், நிட் என்ற அலகில், சுமார் 15,000 இருக்குமாம். கடைக் கண்ணாடியின் இரு பரப்புகளும் சேர்ந்து அதில் 8 சதவீதத்தைத் தெருவுக்கே திருப்புகின்றன. அதுவே 1,200 நிட். எங்கள் டிவி தருவதோ 350. கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணே, உள்ளே ஒட்டினால் டிவியின் வெளிச்சம்தான் பாதியாகும். வெளிப்பரப்பில் தெரியும் சுவர் அப்படியே இருக்கும்" என்றார்.

பின்னணியைக் கறுப்பிலிருந்து வெளிர்மஞ்சளுக்கு மாற்றினோம். இருண்ட இடத்தில்தான் சுவர் பளிச்சென்று தெரிகிறது என்பதால் ஓரளவு பலன் இருந்தது. ஆனாலும் எழுத்து வெளிறியே இருக்கிறது.

ஏப்ரல் 9
மாலை நான்கு மணிக்கு வெயில் நேராகத் திரையில் விழுந்தது. நடுவில் உள்ளங்கை அளவு கறுப்புத் திட்டு தோன்றி, மை ஊறுவதுபோல் பரவியது. தொட்டேன், சுட்டது. அணைத்து ஆறவிட்டதும் திட்டு மறைந்தது. திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் சூட்டில் தன் ஒழுங்கை இழந்து சாதாரணத் திரவமாகிவிடுவதால் இப்படி ஆகிறதாம். டிவியைக் கழற்றிவிட்டேன்.

ஏப்ரல் 20
அதே அளவில், 2,500 நிட் தரும், 110 டிகிரி சூடு வரை திட்டு விழாத ஜன்னல் திரை வந்தது. விலை வலித்தது. ஆனால் காலை பத்து மணிக்கு எதிர்வரிசையிலிருந்தே பன் விலையைப் படித்தேன்.

ஏப்ரல் 22
மூன்றரைக்குத் திரை தானாகவே மங்கியது. உள்ளே சூடு ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ள வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. வெளியே 4 அடி நீட்டிச் சாய்ப்புப் போடச் சொன்னேன். நாலரை மணி வெயிலுக்கு அதன் நிழல் 2 அடிதான் இறங்கும். திரையின் உயரம் 21 அங்குலம். எனவே திரையைச் சாய்ப்பின் மட்டத்துக்கே ஏற்றினோம். கண்ணாடிக்கும் திரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, மேலும் கீழும் திறந்து, உச்சியில் எக்ஸாஸ்ட் மின்விசிறி வைத்தோம்.

ஏப்ரல் 24
நாலரை வரை மங்கவில்லை. அதன்பின் சாய்ப்புக்கடியில் வெயில் நுழையும்போது சற்று மங்குகிறது, படிக்க முடிகிறது. ஆனால் காலையில் புதிய சிக்கல்: ஒளி உணரி சாய்ப்பின் நிழலில் இருப்பதால், எதிர்ச்சுவர் தகதகக்கும் நேரத்திலும் பொழுது சாய்ந்ததாக எண்ணி வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. உணரியை அணைத்து நேரக் கணக்கில் போட்டுவிட்டேன்: ஏழு முதல் ஆறரை வரை முழு வெளிச்சம், இரவில் 400 நிட்.