எல்லாம் கிணறுதான், ஆனால் ஒரு பந்தி அல்ல

எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு மலருக்கு வந்த கட்டுரைகளைச் செப்பனிடும் வேலை இம்முறை என் தலையில் விழுந்தது. பெரும்பாலானவை எழுத்துப்பிழை பார்த்ததோடு முடிந்துவிட்டன. குடாநாட்டுக் கிணறுகள் பற்றி ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர் எழுதியிருந்த கட்டுரைதான் நேரம் எடுத்தது. அதில் ஒரு வசனம்கூடப் பிழையில்லை, ஆனாலும் வாசித்து முடிக்கும்போது மனதில் ஒன்றும் நிற்கவில்லை. ஐயாவும் நானும் அவருடைய விறாந்தையில் இருந்து அதன் முதற்பந்தியைப் பிரித்து எழுதிய கதையைத்தான் இங்கே சொல்கிறேன்.

பந்தி இப்படி இருந்தது:

"யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறுகள் மிக முக்கியமானவை. இங்கு வற்றாத ஆறுகள் இல்லை. நிலத்தின் கீழே சுண்ணக்கல் உள்ளது. முற்காலத்தில் துலா மிதித்து நீர் இறைத்தார்கள். ஒருவர் துலாவில் ஏறி நடக்க, மற்றவர் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கித் தேங்குகிறது. மேலும் புத்தூர் நிலாவரைக் கிணறு வற்றுவதில்லை. மோட்டர் வந்தபின் கூடுதலாக இறைப்பதால் சில இடங்களில் நீர் உவர்க்கிறது. அத்துடன் மலசலகூடக் குழிகளாலும் அளவுக்கு மிஞ்சிய பசளையாலும் நீரில் நைத்திரேற்று கூடுகிறது."

"எல்லாம் கிணறு பற்றித்தானே தம்பி, இதில எதை வெட்டுறது?" என்றார் ஐயா. நியாயமான கேள்வி. ஓரளவு எழுதப் பழகியவர்கள் பலர் சிக்குவதும் இந்த இடத்தில்தான். ஒரு பந்தியைக் கட்டிப்பிடிப்பது பொருள் அல்ல, அந்தப் பொருளைப் பற்றி நாம் சொல்ல வரும் கூற்று. கிணறு என்பது பொருள். அதைப் பற்றி என்ன சொல்கிறோம் என்பது அந்தப் பந்தியில் எங்கும் இல்லை.

வெட்டுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வசனத்துக்கும் எதிரே அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பென்சிலால் எழுதினோம். ஆறு, சுண்ணக்கல், மழை ஆகிய மூன்றுக்கும் "தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்ற ஒரே கேள்வி வந்தது. துலா வசனங்கள் இரண்டும் "எப்படி இறைத்தார்கள்?" என்பதற்குப் பதில். கடைசி இரண்டும் "ஏன் கெடுகிறது?" என்பதற்கு. நிலாவரை எதற்கும் பதிலாக வரவில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது: "மேலும்", "அத்துடன்" என்று தொடங்கிய இரண்டு இடங்களிலும் விஷயம் தாவியிருந்தது. அந்தச் சொற்களை அடித்துவிட்டு வாசித்தால் வெடிப்பு அப்படியே தெரிந்தது.

முதல் வசனம் எந்தக் கேள்வியையும் எழுப்பவில்லை. அதில் "கிணறுகள்" என்பதை எடுத்துவிட்டு "பனைகள்" என்று போட்டுப் பாருங்கள். வசனம் சரியாகவே இருக்கும். பெயரை மாற்றியும் பழுதில்லாமல் நிற்கிற வசனத்துக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் எழுதலாம். அதனால்தான் எல்லாமே பின்னால் வந்து சேர்ந்திருந்தன.

பந்தியின் கூற்றைச் சொல்லவேண்டிய அந்த முதல் வசனத்தை, அதாவது தலைவசனத்தை, மாற்றி எழுதத் தொடங்கினோம். ஐயா முதலில் சொன்னது: "கிணற்று நீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம்." இது வாசகருக்கு அறிவித்தல்தான் கொடுக்கிறது, தகவல் கொடுக்கவில்லை. அடுத்தது: "மழையால் கிடைத்து, சுண்ணக்கல்லில் தேங்கி, மோட்டரால் இறைக்கப்பட்டு, எங்கள் கிணற்று நீர் இன்று உவர்த்து வருகிறது." வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. தமிழில் எழுதுபவர் கவனிக்கவேண்டிய பொறியும் இதுதான். வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால் ஒரே ஒரு முற்றுவினைக்குள் நாலு கூற்றுகள் ஒளிந்துகொள்ளும். இலக்கணப்படி அது ஒரு வசனம், ஆனால் அதை விளக்க நாலு பந்தி வேண்டும். கடைசி முற்றுவினை உவர்ப்பதைப் பற்றிப் பேசுவதால், வாசகர் அடுத்த வசனத்தில் உப்பைத்தான் எதிர்பார்ப்பார். நாமோ மழையைச் சொல்லப் போகிறோம்.

எச்சங்களை உதிர்த்துவிட்டுப் பார்க்க இது மிஞ்சியது: "குடாநாட்டுக் கிணறுகளில் ஊறும் நல்ல தண்ணீர் முழுவதும் மழை தந்தது." இதை வாசித்ததும் "அதெப்படி முழுவதும்?" என்று ஒருவர் கேட்பார். கேட்கவேண்டும். மற்ற வசனங்களுக்கு அந்தக் கேள்விதான் வேலை கொடுக்கிறது. புதிய பந்தி இப்படி வந்தது:

"குடாநாட்டுக் கிணறுகளில் ஊறும் நல்ல தண்ணீர் முழுவதும் மழை தந்தது. இங்கே வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்குகிறது. கீழே ஏற்கெனவே உப்புநீர் இருப்பதால், பாரம் குறைந்த நன்னீர் அதன்மேல் ஒரு படையாக மிதக்கிறது. நிலாவரையில் இதைக் காணலாம்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு."

நிலாவரைக்கு நடந்ததைக் கவனியுங்கள். "வற்றுவதில்லை" என்று வந்தபோது அந்த வசனத்துக்கு இங்கே இடமில்லை. அதே கிணற்றைப் பற்றி ஐயாவுக்குத் தெரிந்த இன்னொரு உண்மை தலைவசனத்துக்குச் சாட்சியானது. பந்திக்குப் பொருந்தாததை எறிவதற்கு முன், அந்தப் பொருளில் பொருந்தும் பக்கம் ஏதும் உண்டா என்று பார்ப்பது நல்லது.

உவர்ப்பது பற்றிய பந்திக்குத் தலைவசனம் சுலபமாக வந்தது: "அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு வற்றுமுன்னரே உவர்த்துவிடும்." மேலிருக்கும் நன்னீர்ப் படை மெலிய, கீழிருக்கும் உப்புநீர் மேலே ஏறுகிறது என்ற காரணம் அடுத்த வசனமாகத் தானே வந்து நின்றது.

நைத்திரேற்றுக்குத்தான் வாக்குவாதம். "ரெண்டும் தண்ணி கெடுறதுதானே, ஒண்டாப் போடலாமே?" என்றார். போடலாம், தலைவசனத்தை "எங்கள் கிணற்று நீர் இரண்டு வழிகளில் கெடுகிறது" என்று அகலமாக்கினால். ஆனால் உப்பு கீழிருந்து ஏறுவது, நைத்திரேற்று மேலிருந்து இறங்குவது. ஒன்றுக்கு மோட்டர் ஓடும் நேரத்தைக் குறைக்கவேண்டும், மற்றதற்குக் குழியைத் தள்ளி வைக்கவேண்டும், பசளையைக் குறைக்கவேண்டும். காரணமும் பரிகாரமும் வேறாக இருக்கும்போது பிரிப்பதே மேல் என்றேன். நைத்திரேற்றுப் பந்தி மூன்றே வசனம். பந்தி குட்டையாக இருப்பது குறையல்ல என்பதை ஏற்க ஐயாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

துலாப் பந்திக்கு நாங்கள் தலைவசனம் வைக்கவில்லை. ஆடுகால், துலா, துலாக்கொடி, பட்டை என்று ஐயா நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு போகிறார். நேர ஒழுங்கே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. "துலா இறைப்பு கடினமான வேலை" என்று மேலே ஒரு வசனத்தை ஒட்டினால் அது வாசகருக்குப் புதிதாக ஒன்றும் சொல்லாது. விளக்கும் பந்திக்கும் வாதிடும் பந்திக்கும் தலைவசனம் வேண்டும். காட்சியைச் சொல்லும் பந்தியில் நான் வற்புறுத்துவதில்லை.

கடைசியில் தலைவசனங்களை மட்டும் வேறொரு தாளில் வரிசையாக எழுதி வாசித்தோம். மழை தந்தது, மிஞ்சி இறைத்தால் உவர்க்கும், மேலிருந்தும் அழுக்கு இறங்குகிறது என்று கட்டுரை ஓடியது. துலா நடுவில் நின்று அந்த ஓட்டத்தை மறித்ததால் அதைக் கட்டுரையின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனோம். நிலாவரை பற்றி ஊரில் சொல்லும் கதைகளையும் சேர்க்கவேண்டும் என்று ஐயா விடாப்பிடியாக நின்றார். அவை எந்தப் பந்திக்குள்ளும் போகவில்லை. பக்கத்தின் அடியில் தனியாக ஒரு பெட்டி கட்டிப் போட்டோம்.