மேனேஜரை Bcc-யில் வைத்த அன்று

கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக் கூழ் ஏற்றுமதி செய்யும் ஆலையில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். மே மாதம் பிறந்தால் வாசலில் மாங்காய் லாரிகள் வரிசை கட்டும், எனக்கு மெயில்கள் வரிசை கட்டும்.

ஒரு சீசனில் நான்கு கன்டெய்னர் சரக்குக்குக் கப்பல் ஒரு வாரம் தள்ளிப்போனது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதினேன். To-வில் அவர். மேனேஜருக்கும் தெரிய வேண்டும், ஆனால் Cc-யில் போட்டால் விஷயம் பெரிதாகத் தெரியுமே என்று, மற்றவர்களுக்குப் பெயர் தெரியாத Bcc-யில் வைத்தேன். பழுக்க வைக்கும் குடோனில் நின்றபடி மேனேஜர் போனில் படித்துவிட்டு, Reply All அழுத்தி ஒரே வரியில் பதில் போட்டார்: "விலை குறைக்கச் சொன்னால் டன்னுக்கு 10 டாலர் வரை விடலாம்."

அது நேராக வாடிக்கையாளருக்கும் போய்விட்டது.

"ஏம்மா, எனக்கு மட்டும்தானே அனுப்பினே?" என்றார் சார். Bcc-யில் வைத்தால் அவர் பெயர்தான் மற்றவர்களுக்குத் தெரியாது. அவருக்கு வந்த பிரதியில் வாடிக்கையாளரின் முகவரி To-வில் அப்படியே இருக்கும். Bcc-யில் இருப்பவர் Reply All கொடுத்தால் அனுப்பியவருக்கும், To, Cc-யில் உள்ள எல்லோருக்கும் போகும். நமக்கு வந்த மெயிலில் நம் முகவரி To-விலும் Cc-யிலும் இல்லையென்றால், அநேகமாக நாம் Bcc-யில்தான் இருக்கிறோம். அப்போது Reply All பக்கமே போகக்கூடாது.

ஒரு கன்டெய்னரில் 80 டிரம், டிரம்முக்கு 215 கிலோ, ஆக 17.2 டன். நான்குக்கும் சேர்த்து 688 டாலர் தள்ளுபடி கொடுத்தோம். அதைவிட எனக்கு வலித்தது, வாடிக்கையாளர் அடுத்த மெயிலில் கேட்ட கேள்வி: "நம் மெயில்களை இன்னும் யாரெல்லாம் படிக்கிறார்கள்?"

அதற்கப்புறம் வாடிக்கையாளர் மெயிலில் மேனேஜர் வேண்டுமென்றால் எல்லோரும் பார்க்க Cc-யில் வைக்கிறேன். அவர் மட்டும் அறிய வேண்டியதென்றால், முதலில் அனுப்பிவிட்டு, Sent-இல் இருந்து எடுத்து அவருக்குத் தனியாக ஃபார்வர்டு செய்கிறேன். அவர் Reply All கொடுத்தாலும் என்னிடம்தான் வரும். Bcc-க்கு இன்னொரு குறையும் உண்டு. வாடிக்கையாளர் அனுப்பும் பதில் அதில் இருப்பவருக்குப் போகாது. பாதிக் கதை தெரிந்தவராக அவர் நின்றுவிடுவார்.

லேப், உற்பத்தி, குடோன் ஆட்களை அந்த மெயிலில் சேர்ப்பதே இல்லை. அவர்களுக்கு வேண்டியது புதுத் தேதியும் டிரம் எண்ணிக்கையும்தான். அதைத் தனி மெயிலில், யார் என்ன செய்ய வேண்டும் என்று பெயரோடு எழுதுகிறேன்.

Bcc-யை விட்டுவிடவில்லை. லாரி உரிமையாளர்கள் எல்லோருக்கும் லோடு ஏற்றும் நேரம் சொல்ல அதுதான் சரி. To-வில் என் முகவரி, அவர்கள் எல்லோரும் Bcc-யில். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது, யார் Reply All கொடுத்தாலும் எனக்கு மட்டுமே வரும்.